தொடர் நாள் எண்ணிக்கை பூஜ்ஜியமானபோது: உங்கள் அனுபவம் என்ன?

வீணை பயில்பவர்: தினமும் வாசித்ததும் ஒரு செயலியில் குறித்து வந்தேன். காய்ச்சலில் படுத்திருந்த அன்று குறிக்க இயலவில்லை. மறுநாள் பார்த்தால், பல மாதங்களாக ஏறி வந்த எண் இருந்த இடத்தில் பூஜ்ஜியம் நின்றது. கற்ற வர்ணம் எதுவும் மறந்துபோகவில்லை. ஆயினும் எல்லாம் பாழாகிவிட்டது போன்ற குற்றவுணர்வில், உடல் தேறிய பிறகும் வீணையை எடுக்க மனம் வரவில்லை. இப்படி நேர்ந்தவர்கள் எவ்வாறு மீண்டீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு நடைப்பயிற்சியில் இதே வருத்தம் உண்டு. ஆனால் 21 நாள்கள் விடாமல் செய்தால்தான் பழக்கம் ஊன்றும் என்பார்கள். அதுவரையிலாவது கண்டிப்பு வேண்டுமல்லவா?

நடைக்குழு ஒருங்கிணைப்பாளர்: ஐயா, தொடக்கத்தில் அடிக்கடி செய்ய வேண்டும் என்பது சரி, 21 என்ற கணக்குதான் பொருந்தவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள்கள் வரை ஆகும் என்று கணித்தார்கள். நடு மதிப்பு 66. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

எங்கள் குழுவில் எண்ணைக் காப்பாற்றுவதற்காக, இரவு பன்னிரண்டு அடிக்கப் போகும் நேரத்தில் கூடத்திலேயே சுற்றிச்சுற்றி நடந்தவர்களைப் பார்த்த பிறகு, வாரக் கணக்குக்கு மாறினோம். திங்கள் முதல் ஞாயிறுக்குள் 4 நாள்கள் என்பது இலக்கு. ஒருவருக்கு நான்கு வாரங்களில் 4, 5, 2, 4 என்று அமைந்தது. பழைய முறையில் அந்த மூன்றாம் வாரம் அவரைப் பலமுறை பூஜ்ஜியத்துக்குத் தள்ளியிருக்கும். இதிலோ 16க்கு 15 என்று கண்முன்னே தெரிகிறது. குறைந்த 2 நாள்களை அடுத்த வாரத்தின் மேல் ஏற்றக் கூடாது. ஏற்றினால் அது கடனாகி, பழைய குற்றவுணர்வே திரும்பி வரும். மூன்று வாரம் தொடர்ந்து குறைந்தால், இலக்கை 3 ஆக்கிவிடுகிறோம்.

மற்றொருவர்: என் அண்ணன் புகைப்பதை விட்டவர். அவருக்கு நாள் எண்ணிக்கைதான் பிடிமானம். வாரத்தில் 4 நாள் புகைக்காமல் இருந்தால் போதும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நடைக்குழு ஒருங்கிணைப்பாளர்: சொல்லவே கூடாது. நான் சொன்னது ஒன்றைப் புதிதாகப் பழகுவதற்கு மட்டுமே. தினமும் போட வேண்டிய மாத்திரைக்கும் இது பொருந்தாது. அண்ணன் ஒருநாள் தவறிவிட்டால் அந்த எண்ணே அவரைச் சோர்வடையச் செய்யுமா என்பதை மட்டும் கவனியுங்கள்.

வீணை பயில்பவர்: வாரக் கணக்கைத் தொடங்கிவிட்டேன். ஆனால் முதல் வாரமே வெள்ளி வரை தள்ளிப்போட்டதால், அதற்குமேல் 4 நாள்கள் கிடைக்கவில்லை. இதற்கு வழி உண்டா?

நடைக்குழு ஒருங்கிணைப்பாளர்: புதன் இரவுக்குள் 2 நாள்கள் என்று எங்களில் சிலர் வைத்துக்கொண்டார்கள். சிலருக்கு அது உதவியது. வேறு சிலருக்கு அதுவே இன்னொரு கெடுவாகிவிட்டது.