முனை கருகிய சமோசா, மடிப்பில் பச்சை மாவு: ஏர் ஃப்ரையரில் உங்களுக்கு எப்படி வந்தது?

வேளச்சேரி மருமகள்

போன ஞாயிற்றுக்கிழமை பட்ட பாட்டைச் சொல்கிறேன். மாமனாருக்கு டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் வாணலி வைத்துப் பொரிப்பது நின்றுவிட்டது. மனிதருக்கு சமோசா என்றால் உயிர். உருளைக்கிழங்கு, பட்டாணி வைத்து 12 சமோசா மடித்தேன். பொரிப்பதற்கு எப்போதும் பிசைகிற அதே மாவுதான், 250 கிராம் மைதாவுக்கு இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். மேலே லேசாக எண்ணெய் தெளித்து 200 டிகிரியில் 12 நிமிடம் வைத்தேன்.

முனையெல்லாம் கருகல். நடுவில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைத் திட்டு. மடிப்பில் கடித்தால் பல்லில் ஒட்டும் பச்சை மாவு. மாமனார் ஒன்றை மென்றுவிட்டு, "பிஸ்கட்டுக்குள்ள மசாலா வெச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்னும் புரியவில்லை. யாருக்காவது ஒழுங்காக வந்திருக்கிறதா?

நெய்வேலி அப்பா

நான் வாரம் ஒருமுறை கட்லெட் போடுகிறேன். 200 டிகிரி, 12 நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒரு திருப்பு. ஒருநாளும் ஏமாற்றியதில்லை. சமோசாவுக்கும் அதேதான் கணக்கு. நீங்கள் எண்ணெய் தெளித்தது போதவில்லை, அவ்வளவுதான். இன்னும் மூன்று நிமிடம் கூட்டி வையுங்கள்.

மாலை டிபன்

அண்ணா சொல்வது கட்லெட்டுக்குச் சரி. சமோசாவை 200-ல் இன்னும் மூன்று நிமிடம் வைத்தால் கரிதான் மிஞ்சும்.

நான் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். மெஷின் வாங்கிய புதிதில் மூன்று ஈடு வீணாக்கினேன். கட்லெட்டில் உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்த உருளைக்கிழங்கு. மேலே இருக்கும் தூள் சிவந்தால் வேலை முடிந்தது. அதனால் எடுத்த எடுப்பில் அதிகச் சூடு தாங்கும். சமோசாவில் மேல் மாவே பச்சை. மடிப்பு சேரும் இடத்தில் அது இரண்டு மடங்கு தடிமன். மேலே சுருள் பழுத்துக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்தில் நிற்கும் முனை முதலில் கருகும். மடிப்புக்குள் சூடு போய்ச் சேர நேரம் எடுக்கும்.

வாணலியில் எண்ணெய் தானாகவே எல்லா மடிப்பையும் தொட்டுவிடும். மெஷினில் வெறும் காற்று. எண்ணெய் படாத இடத்தில் மாவு காய்ந்து வெளுத்துப் போகும், அதுதான் உங்கள் வெள்ளைத் திட்டு. ஆகவே எண்ணெயை முன்கூட்டியே மாவுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நான் 250 கிராம் மைதாவுக்கு நான்கு மேஜைக்கரண்டி எண்ணெய் விடுகிறேன். தண்ணீர் தொடும் முன்பே உப்பு, ஓமம் சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகப் பிசறுவேன். புட்டு மாவு பதம்தான் குறி: கையில் இறுக்கினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, மூடி அரைமணி நேரம் வைக்க வேண்டும். சப்பாத்தி மாவு போல இளகினால் மேல்தோல் கரகரப்பாக வராது, இழுவையாக வரும்.

மசாலா முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக வைத்தால் அந்த ஆவியே உள்பக்க மாவை ஊற வைக்கும். மடித்ததும் பிரஷ்ஷால் எண்ணெய் தடவுங்கள், அடிப்பக்கமும் மடிப்பும் உட்பட. மெஷினை ஐந்து நிமிடம் சூடாக்கி, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, 160 டிகிரியில் 12 நிமிடம். அப்போது வெளுப்பாகத்தான் இருக்கும், பதறாதீர்கள். திருப்பி, வெளுத்த இடத்தில் மறுபடி எண்ணெய் தொட்டு 160-லேயே இன்னும் 6 நிமிடம். கடைசியில் 190-க்கு ஏற்றி 4 நிமிடம். இந்த நாலு நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள், ஒவ்வொரு மெஷினும் ஒரு மாதிரி. மடிப்பை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் உள்ளே இன்னும் மாவுதான், மறுபடி 160-க்கு இறக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

இதெல்லாம் தடிமனான மைதா சமோசாவுக்கு. மெல்லிய ஷீட்டில் மடிக்கும் வெங்காய சமோசாவுக்கு 180-ல் பத்து நிமிடமே தாராளம்.

ஹாஸ்டல் தம்பி

எனக்கும் இதே பிரச்சினைதான் அக்கா. டீக்கடையில் நாலு சமோசா வாங்கி வந்து எண்ணெய் தடவி 200-ல் பத்து நிமிடம் வைத்தேன். செங்கல் மாதிரி ஆகிவிட்டது. மாவில் எண்ணெய் குறைவா?

மாலை டிபன்

தம்பி, அது ஏற்கெனவே பொரித்த சமோசா! அதை இன்னொரு தடவை வேக வைக்கத் தேவையில்லை. எண்ணெயும் வேண்டாம், உள்ளே குடித்தது போதும். 160-ல் நாலைந்து நிமிடம் சூடு காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

ஜூரோங் வெஸ்ட்

என் பிரச்சினை கட்லெட். நெய்வேலி அண்ணா சொன்ன அதே 200, அதே 12 நிமிடம். வெந்துவிடுகிறது, ஆனால் பிரெட் தூள் மரத்தூள் மாதிரி வெளுப்பாகவே நிற்கிறது. கூடவே ஓரம் வெடிக்கிறது. கழுவுகிற வேலை மிச்சம் என்று அடியில் பட்டர் பேப்பர் விரிக்கிறேன், அதனாலா?

நெய்வேலி அப்பா

தூளை நேராகப் போடாதீர்கள் அம்மா. அரை கப் பிரெட் தூளுக்கு ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டு, வாணலியில் சிறுதீயில் பொன்னிறமாக வறுத்து ஆற விடுங்கள். கட்லெட்டை மைதாக் கரைசலில் தோய்த்து இந்தத் தூளில் புரட்டுங்கள். நிறம் முன்பே வந்துவிட்டது, மெஷின் சூடாக்கி மொறுமொறுப்பாக்கினால் போதும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டதால் மறந்துவிட்டது.

வெடிப்பது பெரும்பாலும் ஈரத்தால். கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்து, ஆறிய பிறகு மசியுங்கள். தட்டியதை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும். பேப்பர் நானும் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மாலை டிபன்

பேப்பர் விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழிருந்து காற்று வரும் ஓட்டையை அடைத்தால் அடிப்பக்கம் நமுத்துப் போகும். அதைவிட, காலிக் கூடையில் பேப்பரை மட்டும் போட்டுச் சூடாக்கினால் அது பறந்து மேல் சுருளில் ஒட்டித் தீப்பிடிக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் பொருளை அதன் மேல் வைத்த பிறகு போடுங்கள்.

நெய்வேலி அப்பா

நான் பாதியில் திருப்பிவிடுகிறேன், அதனால்தானோ என்னவோ நமுப்பு தெரியவில்லை. காலிக் கூடையில் போடுவதில்லை.

வேளச்சேரி மருமகள்

நேற்று மறுபடி செய்தேன். நான்கு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டபோது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை, எண்ணெயைக் குறைக்கத்தானே இத்தனை பாடும்! என் கூடையில் ஆறுக்கு மேல் தொடாமல் வைக்க முடியவில்லை, இரண்டு ஈடாகப் போட்டேன். 190-ல் மூன்றாவது நிமிடமே முனை சிவந்துவிட்டதால் நிறுத்திவிட்டேன். பச்சை மாவு இல்லை, திட்டு இல்லை. தோல் கடைச் சமோசா போலக் குமிழி விடவில்லை, பப்ஸுக்கும் சமோசாவுக்கும் நடுவில் ஒரு ரகம். முதல் ஈட்டைச் சூட்டோடு ஹாட் பாக்ஸில் மூடி வைத்தது என் தப்பு, பத்து நிமிடத்தில் தொளதொளத்துவிட்டது. இரண்டாவது ஈட்டை வலைத்தட்டில் ஆற விட்டேன், அது கடைசி வரை நின்றது.

மாமனார் மூன்று சாப்பிட்டார். இப்போது அவருக்கு அடுத்த யோசனை, இதையே கோதுமை மாவில் செய்ய முடியுமா என்று. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஹாஸ்டல் தம்பி

என் அம்மா பாதிக்குப் பாதி கலந்து செய்வார், நன்றாக இருக்கும். முழுக் கோதுமையில் ஒருதடவை செய்ததை நாங்கள் ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிட்டோம்.