மஞ்சள் சுவரில் நீல சீரியல் லைட் எடுபடவில்லை, கார்த்திகைக்கு என்ன கலர் போடலாம்?

தேன்மொழி: எங்க வீட்டு முன்பக்கம் வெளிர் மஞ்சள் பெயின்ட். தீபாவளிக்கு ஆறு செட் நீல சீரியல் லைட் வாங்கி, மாடி கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தொங்கவிட்டோம். கடையில் பளிச்சுனு இருந்தது. வீட்டில் புள்ளி புள்ளியா மட்டும் தெரியுது, சுவரே இருண்டு கிடக்கு. கார்த்திகைக்குள்ள மாத்தணும்.

குமார்: மஞ்சளும் நீலமும் சேர்ந்தா பச்சைதானே வரும்? அதான் கெட்டுப்போச்சு. வெள்ளை லைட் போடுங்க.

பந்தல் ராஜு: தம்பி, அது பெயின்ட் கலக்கும்போது வர்றது. வெளிச்சத்துல கதை வேற. மஞ்சள் சுவர் நீல வெளிச்சத்தை விழுங்கிடும், திருப்பி அனுப்பாது. பச்சையாகலையே, இருட்டுதானே ஆச்சுன்னு அவங்களே சொல்றாங்க. வெள்ளைன்னு நீங்க சொன்னது பாதி சரி. ஆனா ட்யூப்லைட் மாதிரி நீலம் கலந்த வெள்ளை வேண்டாம்மா, வார்ம் ஒயிட் எடுங்க. அகல் விளக்கு பக்கத்துல அதுதான் ஒட்டும். எல்லா செட்டையும் ஒரே கடையில, ஒரே பெட்டியில எடுங்க. வேற வேற கடையில எடுத்தா ஒண்ணு எலுமிச்சையா, ஒண்ணு ரோஸா நிக்கும்.

செல்வி: எங்க செட்டில் பாதி எரியுது, பாதி எரியல. கலர் மாத்தினா சரியாகுமா?

பந்தல் ராஜு: அது கலர் சமாச்சாரம் இல்லம்மா. எங்கேயோ ஒரு பல்பு காலோ ஒயரோ விட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, எரியாத பக்கத்து முதல் பல்புலேர்ந்து பாருங்க.

தேன்மொழி: அண்ணா, அந்த ஆறு நீல செட்டையும் தூக்கிப் போடணுமா? வீட்டுக்காரர் திட்டுவாரு.

பந்தல் ராஜு: எதுக்கு? மொட்டை மாடிக்கு ஏத்துங்க. பின்னாடி சுவர் இருந்தாத்தான் இந்தப் பிரச்சினை. துணி காயப்போடுற கம்பியில கட்டினா பின்னாடி வானம், அங்க புள்ளி மட்டும் தெரிஞ்சா போதும். முன்பக்கத்துக்கு முதல்ல ஒரே ஒரு வார்ம் ஒயிட் செட் வாங்கி, ஏழு மணிக்கு மேல தொங்கவிட்டு, எதிர் வீட்டு வாசல்ல நின்னு பாருங்க. தெருவிளக்கு எரியணும், அதுல வெளுத்துப்போறதும் உண்டு. கார்த்திகை மழைக்காலம், மாடியில பிளக்கு நனையாத இடத்துல இருக்கணும்.

ஹமீது: நீலம் தூரத்திலிருந்து கண்ணுக்கு மங்கலா, கூசுற மாதிரி இருக்கும். மாடியிலயும் எனக்குப் பிடிக்காது. பச்சை போடுவேன். இன்னொண்ணு, மழைவிட்ட ராத்திரியில வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஈசல் மொய்க்கும், வார்ம்ல அவ்வளவு வராது.

பந்தல் ராஜு: ஈசல் விஷயம் உண்மை. பச்சை மாமரத்துல நல்லாருக்கும் பாய், வெறும் கம்பியில எனக்கு ஒப்பல.

தேன்மொழி: நேத்து ஒரு செட் வச்சுப் பார்த்தேன். சுவர் தேன் கலர்ல வந்துச்சு, ஜன்னல் கம்பி நிழல்கூட தெரிஞ்சுது. இன்னும் அஞ்சு அதே பெட்டியில இருக்கான்னு கேட்கப் போறேன். மாடிக்கு மட்டும் வீட்டுக்காரர் நீலம்ங்கிறார், பையன் கலர் மாறுறது வேணுங்கிறான்.