மணிவிழா ஏற்பாடு: கோட்டை மதில் படம்

*குழுவில்: கவிதா, செந்தில் சித்தப்பா, விஜயா அத்தை, பிரபு*

கவிதா (மாலை 6.42): சித்தப்பா, அப்பா அம்மா மணிவிழாவுக்குச் சட்டம் போட இந்தப் படத்தைத்தான் எடுத்துவைத்திருக்கிறேன். வேலூர்க் கோட்டை மதில்மேல் எடுத்தது. ஆடிக்காற்று அம்மாவின் முடியைக் கலைத்துவிட்டது. ஒரு கற்றை காதின் மேல்பாதியை மூடிக்கொண்டு, புருவத்தையும் கன்னத்தையும் தாண்டி வாய் வரைக்கும் வந்திருக்கிறது. சரிசெய்ய முடியுமா? அவர்கள் இருவரையும் இந்தக் குழுவில் சேர்க்கவில்லை, யாரும் சொல்லிவிடாதீர்கள்.

விஜயா அத்தை: அண்ணிக்கு முடி அவ்வளவு கொட்டுகிறதா? கரிசலாங்கண்ணி போட்டு எண்ணெய் காய்ச்சித் தருகிறேன் என்று எத்தனை முறை சொன்னேன்.

கவிதா: கொட்டவில்லை அத்தை, பறந்திருக்கிறது.

பிரபு: இதற்கா சித்தப்பா, பெரியப்பா என்று ஊரைக் கூட்டுகிறாய்? கைப்பேசிச் செயலியில் விரலால் தேய்த்தேன், அரை நிமிடம். பார். (படம்)

கவிதா: நன்றாகத்தான் தேய்த்திருக்கிறாய். காதுக்கு மேலே சவரம் செய்த மாதிரி ஒரு திட்டு இருக்கிறது. காதின் மடிப்பு மெழுகு போல உருகிவிட்டது.

செந்தில் சித்தப்பா (இரவு 8.15): கடையை இப்போதுதான் அடைத்தேன். கவிதா, படமாக அனுப்பாதே, வாட்ஸ்அப் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பு. 12க்கு 18 அங்குலம் அச்சிட முழு அளவு வேண்டும்.

பிரபு, நீ செய்ததில் பாதி சரி. கன்னத்தில் தனியாகக் கிடக்கும் இழையை அழித்துவிடலாம். ஆனால் அந்தக் கற்றை முளைத்த இடத்தை யோசித்தாயா? காதுக்கு மேலே வேர்விட்ட முடிதான் காற்றில் முன்னால் வந்திருக்கிறது. நுனியை அழித்தால் வேர் அங்கேயே மொட்டையாக நிற்கும். அழித்தது எவ்வளவோ அவ்வளவையும் பின்னால் வாரியதுபோல் மறுபடி வரைய வேண்டும். அந்தத் திட்டு வந்தது அதனால்தான்.

கவிதா (8.21): (ஆவணம்) 4000க்கு 6000 பிக்சல் என்று காட்டுகிறது.

செந்தில் சித்தப்பா: போதும். இதில் ஒரு முடி மூன்று பிக்சல் தடிமன்.

பிரபு: மாமா, நானும் ஃபோட்டோஷாப்பில் முயன்றேன். Healing Brush வைத்தால் காதோரம் கறுப்பாகக் கசிகிறது. ஏன்?

செந்தில் சித்தப்பா: அது சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துகொள்ளும் கருவி. நடுக்கன்னத்தில் நல்லது. கறுத்த முடி பக்கத்தில் இருந்தால் அந்தக் கறுப்பையும் இழுத்துவரும். ஓரங்களில் Clone Stamp எடு, அது கலக்காமல் நகலெடுத்ததை அப்படியே ஒட்டும். புதிய வெற்று அடுக்கில் வேலை செய், Sample என்ற இடத்தில் Current & Below வை. அந்த அடுக்கின் Blend Mode-ஐ Lighten ஆக்கினால் தோலைவிடக் கறுத்திருக்கும் இழை மறையும், சுற்றியுள்ள தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அண்ணிக்கு நரையும் கலந்திருக்கிறதே, அதுதான் இதில் வேடிக்கை. நரைமுடி தோலைவிட வெளிறியது, Lighten அதைத் தொடாது. அதற்கு Darken வைத்த தனி அடுக்கு. இழை புருவத்தைத் தாண்டும் இடத்தில் இரண்டுமே உதவாது. சாதாரண Normal அடுக்கில், பக்கத்துப் புருவ முடியின் சாய்வு பார்த்துச் சிறிது சிறிதாகத்தான் ஒற்ற வேண்டும்.

விஜயா அத்தை: நரையை அப்படியே மை பூசிக் கறுப்பாக்கிவிடு தம்பி. மணிவிழாவில் பார்க்க லட்சணமாக இருக்கும்.

செந்தில் சித்தப்பா: அக்கா, அண்ணிதான் முதலில் என்னைத் திட்டுவார்.

பிரபு: மாமா, காதுக்கு வலப்பக்கக் காதை எடுத்துத் திருப்பி ஒட்டிவிட்டால்?

செந்தில் சித்தப்பா: வலப்பக்கக் காது இந்தப் படத்தில் முழுதாகத் தெரியவில்லை. தெரிந்தாலும் வெயில் இடமிருந்து அடிக்கிறது, திருப்பினால் நிழல் எதிர்ப்பக்கம் போய்விடும். கவிதா, அதே இடத்தில் அடுத்தடுத்து எடுத்தவை இருக்கின்றனவா?

கவிதா: மூன்று இருக்கின்றன. ஒன்றில் அம்மா கண்ணை மூடியிருக்கிறார், ஆனால் காது நன்றாகத் தெரிகிறது. தோடும் தெரிகிறது.

செந்தில் சித்தப்பா: கிடைத்துவிட்டதா! அந்தக் காதை மேலே வைத்து, பாதி ஒளிபுகவிட்டு, தோட்டின் கல்லும் காது மடலும் பொருந்தும் வரை நகர்த்தி, தேவையான மேல்பாதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். காதை நாமாக வரைந்தால் யாருடைய காதோ ஆகிவிடும்.

கவிதா (8.50): அதற்குமேல் முடி வரைவது எப்படி? எனக்குச் சொல்லிக்கொடுங்கள். நெற்றிப் பக்கத்திலும் ஒரு இழை எழுந்து நிற்கிறது, அதை நான் செய்கிறேன்.

செந்தில் சித்தப்பா: தூரிகை இரண்டு மூன்று பிக்சல். நிறத்தை மனத்திலிருந்து எடுக்காதே, Alt அழுத்தி அண்ணியின் முடியிலிருந்தே மூன்று எடு: கறுப்பு, வெயில்பட்ட பழுப்பு, நரை. சுத்தக் கறுப்பு அந்த முடியில் எங்குமே இல்லை, பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். பேனாப் பலகை இல்லாமல் மவுஸ் என்றால், முதலில் Brush Settings-இல் Shape Dynamics-ஐத் திறந்து Size Control-ஐ Pen Pressure ஆக்கு, பிறகு Pen Tool-ஆல் கோடு போட்டு Stroke Path-இல் Brush-ஐயும் Simulate Pressure-ஐயும் தேர்ந்தெடு. நுனி தானாக மெலியும்.

நெற்றியோரத்தில்தான் எல்லோரும் கெடுப்பார்கள். முடி தொடங்கும் இடம் ஒரு கோடு அல்ல. முதலில் பூனைமுடி, குட்டையாக, வெளிறி, இடையில் தோல் தெரியும். அரை விரல் உள்ளே போனபிறகுதான் அடர்த்தி. வெளியே இருந்து உள்ளே இழு, தொடக்கத்தில் கை லேசாக இருக்கட்டும். இரண்டு இழை ஒரே நீளம், ஒரே இடைவெளி என்று வந்தால் சீப்பின் பல் போலிருக்கும், அழித்துவிடு.

கவிதா: அம்மாவுக்கு இரண்டு ஓரமும் கொஞ்சம் ஏறியிருக்கிறதே. வரையும்போதே சற்றுக் கீழே இறக்கிவிடலாமா?

செந்தில் சித்தப்பா: கூடாது. பழைய படத்தைப் பக்கத்தில் திறந்துவை, முடி எங்கே தொடங்கியதோ அங்கேயே. ஒரு நூல் இறங்கினாலும் டோப்பா வைத்ததுபோல் ஆகும். யாருக்கும் காரணம் தெரியாது, ஆனால் ‘இது அவர் இல்லையே’ என்பார்கள்.

பிரபு: கொஞ்சம் இறக்கினால் யாருக்குத் தெரியும் மாமா? அச்சில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

செந்தில் சித்தப்பா: அப்படிச் செய்த படங்களைக் கூடத்தில் மாட்டாமல் சுருட்டிவைத்திருக்கிறார்கள். நானே இரண்டு செய்திருக்கிறேன்.

*மறுநாள்*

செந்தில் சித்தப்பா (பகல் 3.10): (படம்) முதல் மாதிரி. காதின் மேலோரத்தை உரசிக்கொண்டு பின்னால் போகிறமாதிரி நாற்பது இழை வரைந்தேன். அவற்றின் நிழல் காதில் விழ, இழைகளுக்குக் கீழே Multiply அடுக்கில் மெல்லிய பழுப்பு. நிழல் இல்லாவிட்டால் முடி காதின்மேல் மிதக்கும். கடைசியாக வரைந்த அடுக்குக்குக் கொஞ்சம் Add Noise. கேமராப் படத்தில் பொடிமணல் போல ஒரு சொரசொரப்பு உண்டு, நாம் வரைந்தது மழமழவென்று தனியாகத் தெரியும்.

கவிதா: எங்கே வரைந்தீர்கள் என்றே தெரியவில்லை!

விஜயா அத்தை: எல்லாம் சரி. அண்ணி கன்னத்தில் என்ன அது, பூனை பிறாண்டியதுபோல் ஒரு கோடு?

பிரபு: எங்கே அம்மா?

விஜயா அத்தை: காதுக்கும் வாய்க்கும் நடுவில். இளம்பழுப்பாக.

செந்தில் சித்தப்பா (3.24): அக்கா, நீங்கள் கடைக்கு வந்து உட்காருங்கள். அது நான் அழித்த கற்றையின் நிழல். முடியை எடுத்தேன், அது கன்னத்தில் போட்ட நிழலை விட்டுவிட்டேன். 200 சதவீதத்தில் பெரிதாக்கியே வேலை செய்ததால் கண்ணில் படவில்லை. சின்னதாக்கியதும் கோடாகத் தெரிகிறது.

கவிதா: நெற்றியில் இரண்டு இழையை விட்டுவைத்திருக்கிறீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள் சித்தப்பா.

செந்தில் சித்தப்பா: வேண்டுமென்றே விட்டேன். அண்ணன் வேட்டி காற்றில் படபடக்கிறது, பின்னால் அகழித் தண்ணீரில் அலை. அண்ணி முடி மட்டும் அசையாமல் இருந்தால் எப்படி?

கவிதா: எனக்கு எடுத்தால்தான் பிடிக்கும்.

விஜயா அத்தை: ஒன்றை எடு, ஒன்றை விடு.

செந்தில் சித்தப்பா: இரண்டு விதமாகவும் 4க்கு 6 அளவில் அச்சுப்போட்டுச் சத்துவாச்சாரி கடையில் வைக்கிறேன். வெள்ளிக்குள் வந்து பார்த்துச் சொல், சட்டக்காரருக்கு ஐந்து நாள் வேண்டும்.

பிரபு: மாமா, வேட்டி படபடக்கிறது என்றீர்களே, அதில் கரை மடங்கியிருக்கிறது.