திடீர் ஹேக் செய்தி வந்தால் ஓப்பன் பொசிஷனில் முதலில் எதைச் செய்வது?

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எக்ஸ்சேஞ்ச் ஹேக், தடை மாதிரி செய்தி வெடித்தால் பின்பற்ற ஒரு திட்டம் எழுதி வருகிறேன். ஒரே இடத்தில் சிக்கிவிட்டது. 2025 பிப்ரவரி 21-இல் பைபிட்டிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் திருடுபோன செய்தி வந்தபோது இங்கே வெள்ளிக்கிழமை நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் இந்தத் திட்டம்.

கணக்கு இது: 2 ஈதர் லாங், நுழைவு 2,800 டாலர், 5 மடங்கு லீவரேஜ், ஐசோலேட்டட் மார்ஜின் 1,120 டாலர். தனியாக 400 டாலர் சும்மா இருக்கிறது.

ஸ்டாப்-லிமிட் போட்டுப் பார்த்தேன்: டிரிகர் 2,600, லிமிட் 2,590. விலை ஒரே தாவலில் 2,590-க்குக் கீழே போனால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும், லாங் அப்படியே இருக்கும். அதனால் ஸ்டாப்-மார்க்கெட்டுக்கு மாறினேன். சறுக்கல் இருக்கும், ஆனால் வெளியே வந்துவிடலாம். டிரிகரை மார்க் பிரைஸில் வைத்திருக்கிறேன். அது பெரும்பாலும் பல எக்ஸ்சேஞ்சுகளின் விலையைச் சார்ந்தது என்பதால், ஹேக் நம் எக்ஸ்சேஞ்சிலேயே நடந்து அங்கு மட்டும் விலை சரிந்தால் ஸ்டாப் தாமதமாகலாம்.

வேறொரு எக்ஸ்சேஞ்சில் 2 ஈதர் ஷார்ட் எடுத்து ஹெட்ஜ் செய்வதையும் யோசித்தேன். விலை ஆபத்து அடங்கும். ஆனால் முதல் எக்ஸ்சேஞ்ச் முடங்கினால் 1,120 டாலர் அங்கேயே மாட்டிக்கொள்ளும், விலை ஏறினால் ஷார்ட்டுக்கு மேலும் பணம் போட வேண்டும்.

ஹேக் ஆனது நம் எக்ஸ்சேஞ்சே, வித்ட்ராவல் இன்னும் திறந்திருக்கிறது என்றால், முதலில் 400 டாலரை வெளியே அனுப்புவீர்களா, லாங்கை மார்க்கெட்டில் மூடிவிட்டு மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுப்பீர்களா?