எல்.சி., டி.டி. இரண்டுக்கும் தமிழில் என்ன எழுதுவது?

கரூரிலிருந்து:
வணக்கம். புதிதாக ஏற்றுமதியில் இறங்குபவர்களுக்கு ஒரு மாதிரிக் கடிதமும் தமிழ் விளக்கமும் எழுதி வருகிறேன். ஜெர்மனியில் உள்ள ஒருவர் 40,000 டாலருக்குச் சமையலறைத் துண்டுகள் கேட்கிறார். பணம் தரும் முறைக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். 12,000 டாலரை முன்கூட்டியே வங்கி வழியாக அனுப்பிவிட்டு, கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பி.எல்.-இன் நகலைப் பார்த்ததும் மீதி 28,000 டாலரை அனுப்பலாம். இல்லையென்றால் அவருடைய வங்கி வழியாக முழுத் தொகைக்கும் ‘லெட்டர் ஆஃப் கிரெடிட்’ எனும் எல்.சி. திறக்கலாம்.

பேச்சில் சிக்கல் இல்லை, எழுத்தில்தான். வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணத்தையும் ‘டி.டி.’ என்கிறோம், வங்கியில் எடுக்கும் வரைவோலையும் ‘டி.டி.’தான். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பயிற்சிக்கு வந்த ஒருவர், “ஜெர்மன்காரர் டி.டி.யைக் கூரியரில் அனுப்புவாரா?” என்று கேட்டார். அவர் மீது பிழையில்லை, சொல் மீதுதான் பிழை.

திருப்பூரிலிருந்து:
எல்.சி.க்கு ‘வங்கி உத்தரவாதக் கடிதம்’ போதுமே. வாங்குபவர் ஏமாற்றினால் வங்கி தரும். எல்லோருக்கும் புரியும்.

சென்னையிலிருந்து:
வங்கியின் ஏற்றுமதிப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. வாங்குபவர் தவறிய பிறகு குறுக்கே வருவது உத்தரவாதம். எல்.சி.யில் வாங்குபவர் தவறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்ட ஆவணங்களைக் கேட்டபடியே கொடுத்தால், எல்.சி. திறந்த வங்கியே நேராகப் பணம் தரக் கடமைப்பட்டது. அந்த வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எல்.சி.யில் ‘கிச்சன் டவல்’ என்றிருந்தது. ஏற்றுமதியாளர் இன்வாய்ஸில் ‘டீ டவல்’ என்று எழுதிவிட்டார். துணியில் ஒரு நூல் கூடக் குறையில்லை. எல்.சி.க்கான பன்னாட்டு விதிகளான யு.சி.பி. 600இன்படி ஆவணங்களைப் பார்க்க வங்கிக்கு ஐந்து வங்கி நாட்கள் உண்டு. ஐந்தாம் நாள் மறுப்பு வந்தது. அதற்குள் சரக்கு கடலில் இருந்தது. வாங்குபவர் விலையைக் குறைத்தால் ஏற்கிறேன் என்றார், ஏற்றுமதியாளரும் குறைத்தார். அதனால் பெயரிலேயே ஆவணம் தெரிய வேண்டும். ‘ஆவண உறுதிக் கடிதம்’ என்பது என் பரிந்துரை.

பொள்ளாச்சியிலிருந்து:
நான் தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் அனுப்புகிறேன். எல்.சி. என்றால் ‘கடன் கடிதம்’ என்று எங்கோ படித்துவிட்டு, அதைக் காட்டிக் கடன் வாங்கலாம் என்று வங்கிக்குப் போனேன். எவ்வளவு கிடைக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

சென்னையிலிருந்து:
ஐயா, எல்.சி.யைக் காட்டிச் சரக்குத் தயாரிப்புக் கடன் கேட்கலாம். அளவை உங்கள் வங்கிதான் முடிவு செய்யும். ஆனால் எல்.சி. உங்களுக்குத் தரப்படும் கடன் அல்ல. ‘கடன்’ என்ற சொல் பெயரில் வேண்டாம் என்பதற்கு உங்கள் கேள்வியே காரணமாகிறது. அதோடு, ஒரே ஒரு கண்டெய்னர் என்றால் எல்.சி. கட்டணங்களைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். சிறு தொகைக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்களிடம் ‘நாணயக் கடிதம்’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. நாணயம் என்றால் காசு மட்டுமல்ல, சொன்ன சொல் தவறாமையும்தான். பத்திரிகைகளிலும் இதையே எழுதுகிறோம். 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் இங்கே வங்கிகள் நாணயக் கடிதம் திறக்க முடியாமல் தவித்தபோது, சாதாரண மக்களுக்கும் அச்சொல் பழகிவிட்டது. வங்கியின் உறுதியும் அந்த வங்கியும் அந்த நாடும் நிற்கும் வரைதான் என்பதையும் அப்போது கண்டோம். வாங்குபவரின் வங்கி மீது ஐயமிருந்தால், உங்கள் ஊர் வங்கி ஒன்றின் உறுதியையும் சேர்த்துக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் டி.டி.க்கு ‘பணவனுப்பல்’ என்போம்.

சென்னையிலிருந்து:
பணவனுப்பல் நல்ல சொல். அந்த டி.டி.யின் விரிவான ‘டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர்’ என்பதற்கு ‘தந்தி மாற்றம்’ என்ற பழைய பெயரை விட்டுவிடலாம், 2013இல் இந்தியாவில் தந்திச் சேவையே முடிந்துவிட்டது. ஆனால் ‘நாணயம்’ என்று எழுதினால் இங்கே வாசகருக்குக் காசுதான் முதலில் நினைவுக்கு வரும்.

கரூரிலிருந்து:
டி.டி.க்கு ‘பணவனுப்பல்’ என்று எழுதிவிட்டேன். விளக்கத்தில் இரண்டு வரிகளும் சேர்த்திருக்கிறேன்: ‘வாங்குபவர் அனுப்பும் ரசீதுப் படத்தை நம்பித் துணி வெட்டாதீர்கள், பணம் நம் கணக்கில் ஏறியதாக வங்கி சொல்லட்டும். மீதித் தொகை வரும் வரை அசல் பி.எல். நம் கையில் இருக்கட்டும்.’ விமானத்தில் அனுப்பினால் இரண்டாவது வரி உதவாது, விமானச் சரக்குச் சீட்டின் அசல் இல்லாமலேயே பெறுபவர் சரக்கை எடுத்துவிடுவார். அங்கே முழுத் தொகையும் முன்பே வர வேண்டும்.

எல்.சி.க்கு இப்போதைக்கு ‘நாணயக் கடிதம்’ என்றே எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் ‘ஆவணம் சரியாக இருந்தால் வங்கி பணம் தரும் உறுதி’ என்று விளக்குகிறேன். சென்னை ஐயா இசைய மாட்டார் என்று தெரியும். இன்னொன்றும் பாக்கியிருக்கிறது. ‘டீ டவல்’ போன்ற அந்த வேறுபாட்டுக்கு என்ன சொல்? ‘முரண்பாடு’ என்றால் சண்டை போல ஒலிக்கிறது, ‘பிழை’ என்றால் சரக்கில் குறை என்று நினைப்பார்கள்.

திருப்பூரிலிருந்து:
‘ஒவ்வாமை’?

யாழ்ப்பாணத்திலிருந்து:
அதைக் கேட்டால் அலர்ஜிதான் நினைவுக்கு வரும். ‘ஆவணப் பொருந்தாமை’ எப்படி?