க்ளோசபின் சம்மரியில் அந்த 48 மணி நேர வரி வேண்டுமா?

பிஜி_இரண்டாம்வருடம்: மனச்சிதைவுக்கான க்ளோசபின் மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறவருக்கு முதல்முறையாக டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிறேன். யூனிட் சீனியர், "நோய் பேர், மாத்திரை பேர், அடுத்த ஓபி தேதி. ஒரு பக்கத்தில் முடி" என்கிறார். அது போதுமா?

நைட்டியூட்டி: ஒரு பக்கமா? உங்கள் சீனியர் கேஷுவாலிட்டி பக்கம் வந்து எத்தனை வருஷம் ஆச்சு? போன பொங்கலுக்கு 29 வயசுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரஷர் 80/50. கையில் இருந்த சம்மரியில் "க்ளோசபின் 300 மி.கி. இரவு, தொடரவும்" என்று ஒரே வரி. ஊருக்குப் போனவன் நாலு நாள் மாத்திரை போடவில்லை. ஐந்தாம் நாள் அம்மா பொறுப்பாக 300-ஐ முழுசாகக் கொடுத்துவிட்டார். காலையில் பாத்ரூம் போகும்போது விழுந்திருக்கிறான். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த அம்மா போனாவது செய்திருப்பார்.

ஓபி_ராஜா: சம்மரி என்பது டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் கடிதம். 48 மணி நேரக் கணக்கு எம்பிபிஎஸ் படித்த எவருக்கும் தெரியும். வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள். எழுதி வைத்தால், "ரெண்டு நாள் போடாவிட்டாலும் பரவாயில்லையாமே" என்று படிப்பார்கள். என் ஓபியிலேயே கேட்டிருக்கிறேன்.

நைட்டியூட்டி: "எவருக்கும் தெரியும்." அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த எம்பிபிஎஸ் தம்பிக்குத் தெரியாது. சலைன் போட்டுவிட்டு, "ராத்திரி வழக்கமான மாத்திரையைக் கொடுங்கள்" என்று சீட்டில் எழுதினார். நான் பார்த்து அந்த வரியை அடித்துவிட்டேன். 48 மணி நேரம் சார். நாற்பத்தெட்டு.

வார்டுசிஸ்டர்: இருவரும் அந்த ஒரு வரியிலேயே நிற்கிறீர்கள். வார்டில் பீடி கிடையாது. வீட்டுக்குப் போனதும் ஒரு நாளைக்கு ஒரு கட்டு. அந்தப் புகையிலேயே ரத்தத்தில் க்ளோசபின் அளவு இறங்கிவிடும். ஒரு மாதத்தில் மறுபடி குரல் கேட்கிறது என்று வந்து நிற்பார்கள், "மாத்திரை ஒழுங்காகப் போடவில்லை" என்று பழி வேறு விழும். சேரும்போது எத்தனை பீடி என்று சம்மரியில் யாராவது எழுதுகிறீர்களா?

ஓபி_ராஜா: சிஸ்டர், பீடிக் கணக்கெல்லாம் எழுதினால் அது சம்மரி இல்லை, மளிகைக்கடை நோட்டு.

வார்டுசிஸ்டர்: மளிகைக்கடைக்காரர் கணக்கை விடமாட்டார், டாக்டர்.

தம்பிக்காக: என் தம்பியின் சம்மரியில் நோய்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார்கள். லீவுக்கு ஆபீசில் கொடுக்கவே முடியவில்லை. பெயரே போடாமல் எழுதித் தரச் சொன்னால் திட்டுகிறார்கள். ஒரு பக்கம் போதும் என்பதே என் கருத்து.

நைட்டியூட்டி: அண்ணே, அது வேறு விஷயம். ஆபீசுக்கு இத்தனை நாள் உள்நோயாளியாக இருந்தார் என்று தனிச் சான்றிதழ் கேளுங்கள், அதில் நோய்ப் பெயர் தேவையில்லை. சம்மரியில் நோய்ப் பெயர் இல்லாவிட்டால் உங்கள் தம்பிக்குத்தான் கஷ்டம்.

பிஜி தம்பி, நீங்கள் நோய்ப் போக்கில் "பல மருந்துகளுக்குப் பலனில்லை" என்று எழுதாதீர்கள். ரிஸ்பெரிடோன் 6 மி.கி. எட்டு வாரம், ஓலான்சபின் 20 மி.கி. எட்டு வாரம், இரண்டுக்கும் குரல் குறையவில்லை என்று எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த ஊர் டாக்டர் க்ளோசபினை நிறுத்திவிட்டு மறுபடி ஓலான்சபினில் தொடங்குவார். க்ளோசபின் ஆரம்பித்த தேதியும் வேண்டும். வெள்ளணு குறைகிறதா என்று முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டுமே, தேதி இல்லாமல் எது எத்தனையாவது வாரம் என்று லேப்பில் யார் சொல்வார்கள்? கடைசி வெள்ளணு எண்ணிக்கையும் இருக்கட்டும். காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே ரத்தம் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். அப்புறம் அந்த 48 மணி நேர வரி, தமிழில், மருந்துப் பட்டியலுக்கு நேர் கீழே.

ஓபி_ராஜா: தேதி, பழைய டோஸ் எல்லாம் சரி, அதை யார் மறுத்தது? தமிழ் வரியைத்தான் சொல்கிறேன். அதைத் தனிச் சீட்டில் கொடுங்கள்.

நைட்டியூட்டி: தனிச் சீட்டு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையோடு தொலையும். மனநலச் சட்டம் 2017, பிரிவு 98-ஐப் படியுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் நோயாளியோடும் வீட்டாரோடும் கலந்து பேசித்தான் திட்டம் போட வேண்டும். பேசியதைக் காகிதத்தில் வைக்க உங்களுக்கு ஏன் கசக்கிறது?

ஓபி_ராஜா: பிரிவு 98-இல் 48 மணி நேரம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

நைட்டியூட்டி: போன வருஷம் லித்தியம் விவாதத்திலும் இதே மாதிரிதான் பேசினீர்கள்.

ஓபி_ராஜா: லித்தியத்தில் நான் சொன்னதுதான் சரி.

பிஜி_இரண்டாம்வருடம்: சம்மரி இரண்டே கால் பக்கம் வந்துவிட்டது. 48 மணி நேரம் தமிழில் போட்டேன். கையெழுத்துக்குக் கொண்டுபோனால் சீனியர் அந்த வரியை மட்டும் வட்டம் போட்டு "?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பீடி எழுதவில்லை, கேஸ் ஷீட்டிலேயே இல்லை.

வார்டுசிஸ்டர்: அவர் அம்மா இன்னும் வார்டில்தானே இருக்கிறார்? போய்க் கேளுங்கள்.

ஓபி_ராஜா: அந்த "?" போட்டவர் கையைக் குலுக்க வேண்டும்.