டேக்ஸ் ஆடிட் கெடுவான செப்டம்பர் 30 முடிந்ததும் ஓய்வு என்று திட்டம் போட்டவர்கள் உண்டா?

தணிக்கையாளர் அலுவலகத்தில் மூன்றாம் வருட ஆர்டிகிள், அதாவது சி.ஏ. பயிற்சி மாணவன் நான். 2024ல் டேக்ஸ் ஆடிட் முடிந்ததும் ஐந்து நாள் வால்பாறை என்று ஜூலையிலேயே ரூம் போட்டாச்சு. செப்டம்பர் 29, ஞாயிறு, கெடு அக்டோபர் 7 வரை நீட்டிப்பு. ரூம் போச்சு. 7ஆம் தேதி ராத்திரி கடைசி ரிப்போர்ட்டை ஏற்றிவிட்டு மறுநாள் காலையே விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 வேலையில் உட்கார்ந்தேன். 11ஆம் தேதி, ஆயுத பூஜை, எல்லோரும் பொரி தின்கிறார்கள், நான் ஃபைல் செய்கிறேன். 14ஆம் தேதி போன். "தம்பி, எங்க பில் 2பியில வரலையே?" 2பி என்பது வாங்கியவருக்கு அவர் பில்களைக் காட்டும் பட்டியல். வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் அதற்கு மேல் வரிசையில் இருந்த வேறொருவர் எண்ணைப் போட்டிருக்கிறேன். மூன்று தடவை சரிபார்த்த பில் அது! அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

திருப்பூர்க்காரன்: இதுக்கு ஏன் ஓய்வு, வால்பாறை எல்லாம்? வரி கட்டும் ரிட்டர்ன் 3பி போடும் முன், திருத்தப் படிவம் 1ஏவில் திருத்தியிருக்கலாமே. நான் நாலு நாள் தூங்கி எழுந்தேன், சரியாகிவிட்டது.

ரிட்டையர்டு மேனேஜர்: 1ஏவில் தொகையை மாற்றலாம், வாங்கியவர் எண்ணை மாற்ற முடியாது தம்பி, அது அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1ல்தான். எனக்கும் ஒரு வருடம் இப்படி ஆனது, அதை விடுங்கள். ஓய்வை காலண்டர் தேதியில் கட்டாதீர்கள். 2025ல் அக்டோபர் 31 என்றார்கள், அப்புறம் நவம்பர் 10. "கடைசி ரிப்போர்ட் ஏற்றிய மறுநாள் முதல்" என்று எழுதி வையுங்கள், ரூமும் ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். ஆனால் 7ல் டிடிஎஸ், 11ல் ஜிஎஸ்டிஆர்-1, 20ல் 3பி எப்படியும் வரும். அதனால் ஆடிட்டில் உட்காராத இருவரை ஆகஸ்டிலேயே அந்த மாத ஜிஎஸ்டிக்கு ஒதுக்கிவிடுவோம். ஆடிட் ஆட்கள் பாதிப் பேர் முதலில் நாலு நாள் போவார்கள், மீதிப் பேர் அடுத்து. திரும்பி வந்த வாரம் ஃபைல் கட்டுவது, பாக்கி பில் போடுவது, ரிப்போர்ட்டுகளுக்கு வாங்கிய யூடின் எண்களின் பட்டியல் ஒத்துப் பார்ப்பது மட்டும். போர்டலில் சப்மிட் அழுத்தும் வேலை கிடையாது. ஒரே பில்லை இரண்டாம் முறை திறந்து, ஏன் திறந்தோம் என்று யோசித்தால் அந்த ஆள் இன்னும் தேறவில்லை. சின்ன ஆபீஸில் இரண்டு பேரை ஒதுக்குவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மலர்: எங்கள் ஆபீஸில் மொத்தமே மூன்று பேர் சார். யாரை ஒதுக்க?

திருப்பூர்க்காரன்: சரி, 1ஏ விஷயத்தில் நான் தப்பு. தூக்கத்தில் இல்லை.

வால்பாறை ரூம்: மலர் கேட்டதுதான் எனக்கும். எங்கள் சாரிடம் கேட்டேன், "பரீட்சைக்குத்தான் லீவ் எடுப்பியே, அப்ப தூங்கு" என்றார்.